போன் அடிக்கிறது, திரை எழவில்லை

பூட்டி வைத்த ஆண்ட்ராய்டு போனுக்கு அழைப்பு வந்ததும் திரை தானாக ஒளிர்கிறது. கூப்பிடுபவரின் பெயரும், எடுக்க, துண்டிக்கப் பொத்தான்களும் திரை முழுக்க வந்து நிற்கின்றன. வருடக்கணக்கில் பார்த்துப் பழகியதால் அது போனின் இயல்பு என்றே நினைத்துவிட்டோம். உண்மையில் ஒவ்வொரு முறையும் ஒரு செயலி அதற்காக ஆண்ட்ராய்டிடம் விண்ணப்பம் போடுகிறது. ஒப்புதல் கிடைத்தால்தான் முழுத்திரை. கிடைக்காவிட்டால் அழைப்பு ரத்தாவதில்லை. வங்கிக் குறுஞ்செய்திக்கும் தள்ளுபடி விளம்பரத்துக்கும் நடுவில் ஓர் அறிவிப்பாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

"போன் பக்கத்திலேயேதான் இருந்தது, கூப்பிட்டது தெரியவே இல்லை" என்ற புலம்பலில் ஒரு பகுதி இங்கிருந்துதான் வருகிறது. இந்தச் சந்தேகத்தில் சிம்மை மாற்றுகிறவர்கள் உண்டு, வைஃபை பெட்டியை அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அறிவிப்பாகவாவது வந்து சேர்ந்திருக்கிறது என்றால் இணையம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். கோளாறு அனுமதியில் இருக்கிறது.

நடப்பது என்னவென்றால், அழைப்புத் தகவல் வந்து சேர்ந்ததும் செயலி ஓர் அறிவிப்பைத் தயாரித்து ஆண்ட்ராய்டிடம் கொடுக்கிறது. "இது அவசரம், இதோடு ஒரு முழுத்திரைப் பக்கமும் இருக்கிறது, முடிந்தால் அதைத் திற" என்ற குறிப்பும் அதோடு போகிறது. திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஆண்ட்ராய்டு. நீங்கள் போனைத் திறந்து வைத்து ஏதோ படித்துக்கொண்டிருந்தால், பொதுவாக அது பக்கத்தைத் திறக்காது. மேலே ஒரு பட்டையாக மட்டும் இறக்கிக் காட்டும். உங்கள் வேலையில் குறுக்கிடக் கூடாது என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. திரை அணைந்தோ பூட்டியோ இருந்தால்தான் முழுப் பக்கமும் எழும்.

பலர் சோதிக்கும்போது கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு "இப்போ கூப்பிடு பார்ப்போம்" என்கிறார்கள். மேலே பட்டை வருகிறது. அதைப் பார்த்து எல்லாம் சரி என்று விடுபவரும் தவறுகிறார், முழுத்திரை வரவில்லையே என்று பதறுபவரும் தவறுகிறார். திரையை அணைத்து, போனை மேசைமேல் வைத்து, அரை நிமிடம் கழித்துக் கூப்பிடச் சொன்னால்தான் அது சோதனை.

கேட்டதும் கொடுத்துக்கொண்டிருந்த இந்தச் சலுகையை ஆண்ட்ராய்டு ஏன் இறுக்கியது என்பதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. ஒரு காலத்தில், பின்னணியில் ஓடும் எந்தச் செயலியும் நினைத்த நேரத்தில் தன் பக்கத்தைத் திரைமேல் தள்ளலாம் என்ற நிலை இருந்தது. டார்ச் லைட் செயலி ஒன்றைப் போட்டுவிட்டு, போனைத் தொடும்போதெல்லாம் முழுத்திரை விளம்பரம் பார்த்தவர்களுக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 அந்த வாசலைப் பெருமளவு மூடியது. அவசரமாக யாராவது வந்தால் என்ன செய்வது என்பதற்காக, அறிவிப்போடு சேர்ந்து வரும் முழுத்திரை என்ற வழியை மட்டும் வைத்துக்கொண்டது. அதற்கு `USE_FULL_SCREEN_INTENT` என்ற பெயரில் ஓர் அனுமதி. செயலியை எழுதியவர் அதைக் குறிப்பிட்டிருந்தால் போதும், உங்களைக் கேட்காமலே கிடைத்துவிடும்.

பெரிய வாசலை மூடிவிட்டுச் சின்ன வாசலைத் திறந்துவைத்தால் கூட்டம் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023இல் ஆண்ட்ராய்டு 14 அதற்கும் பூட்டுப் போட்டது. அழைப்பு, அலாரம் என்ற இரண்டு வேலைகளுக்காகவே உள்ள செயலிகளுக்கு மட்டும் இந்த அனுமதி தானாகக் கிடைக்கும். மற்றவற்றிடமிருந்து பிளே ஸ்டோர் அதைப் பறித்துவிடும். வேண்டுமானால் போனுக்குச் சொந்தக்காரர் தானே போய்க் கொடுக்கலாம். இதுதான் இன்றைய விதி. நியாயமான விதி என்றே நான் சொல்வேன். ஆனால் அழைப்பு மாதிரியும் இருந்து, அழைப்புச் செயலி என்ற வகைக்குள் அடங்காதவையும் இருக்கின்றன. அடி அவற்றின்மேல் விழுகிறது.

அடுக்குமாடிகளில் இப்போது பரவலாக இருக்கும் காவலாளிச் செயலி அதற்கு நல்ல உதாரணம். கேட்டில் கூரியர்காரர் வந்து நின்றால் காவலாளி தன் கருவியில் வீட்டு எண்ணைத் தட்டுகிறார். வீட்டுக்காரரின் போனில் அழைப்பு மாதிரியே முழுத்திரையில் ஒரு பக்கம் எழுகிறது: வந்தவர் பெயர், புகைப்படம், உள்ளே விடலாம், வேண்டாம் என்று இரண்டு பொத்தான்கள். எங்கள் மேல்வீட்டில் அண்ணனும் அக்காவும் இருவர்தான். அண்ணன் போனில் இது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அக்கா புதுப் போன் வாங்கிய பிறகு அவருடைய போனில் மட்டும் "டிங்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. கூரியர்காரர் கேட்டில் நின்று நின்று திரும்பிப் போய்விடுவார்.

"ரெண்டு பேரும் ஒரே வைஃபைலதானப்பா இருக்கோம். அவருக்கு வருது, எனக்கு வரலன்னா போன்தானே கோளாறு?" என்றார் அக்கா. கடையில் கொடுத்து மாற்றிவிடலாமா என்பது அவர் கேள்வி.

போனில் கோளாறே இல்லை. அண்ணனுடையது பழைய போன். அவர் அந்தச் செயலியைப் போட்டபோது போனில் இருந்தது ஆண்ட்ராய்டு 13. பிறகு ஒருநாள் புதுப்பிப்பு வந்து 14 ஆனது. அப்படி மேம்படுத்தும்போது, ஏற்கெனவே போனில் இருந்த செயலிகளின் முழுத்திரை அனுமதியை ஆண்ட்ராய்டு பிடுங்குவதில்லை. இருந்தது இருந்தபடி தொடரும். அக்காவின் போன் கடையிலிருந்து வரும்போதே 14. அதில் செயலி புதிதாக இறங்கியது. இறங்கும்போதே அனுமதி இல்லாமல் இறங்கியது. ஒரே செயலி, ஒரே வீடு, ஒரே வைஃபை. அனுமதி விஷயத்தில் மட்டும் இரண்டு போன்களும் வேறு வேறு காலத்தவை.

அக்கா போனில் செட்டிங்ஸைத் திறந்தோம். Apps என்பதற்குள் Special app access என்று ஒரு பகுதி இருக்கும். சில போன்களில் அது வெளியே தெரியாது. Apps பக்கத்தின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட வேண்டும். அதற்குள் Full screen notifications என்று ஒரு வரி. அதைத் தொட்டால், எந்தெந்தச் செயலிகள் முழுத்திரைக்கு விண்ணப்பித்திருக்கின்றன என்ற பட்டியல் வரும். அக்காவின் பட்டியலில் பேசும் செயலிகளும் கடிகாரமும் அனுமதி பெற்றிருந்தன. காவலாளிச் செயலிக்கு நேரே அனுமதி இல்லை. அதைத் தொட்டு அனுமதித்துவிட்டு, திரையை அணைத்து வைத்து, கீழே காவலாளியிடம் ஒருமுறை தட்டச் சொன்னோம். பக்கம் எழுந்தது.

அண்ணனுக்கு அன்று ஒரு யோசனை தோன்றியது. தன் போனிலும் செயலி கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, நீக்கிவிட்டு மறுபடி போடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். மறுபடி போட்டால் அது புதிதாக நிறுவியதாகத்தான் கணக்கில் சேரும். பழைய உரிமையில் ஓடிக்கொண்டிருந்த அனுமதியும் போய்விடும். எந்தக் கோளாறு என்றாலும் "அழிச்சிட்டு மறுபடி போடு" என்று சொல்லும் வழக்கம் நமக்கு இருக்கிறதே, இந்த விஷயத்தில் அது நோயை வரவழைக்கும் வைத்தியம்.

எல்லார் வீட்டிலும் குற்றவாளி இந்த ஒரே அனுமதிதான் என்று எண்ணிவிட வேண்டாம். காதில் என்ன கேட்டது என்பதை வைத்து ஓரளவு பிரித்துவிடலாம். சத்தம் வழக்கம்போல வந்து, பக்கம் மட்டும் எழவில்லை என்றால் முழுத்திரை அனுமதியைச் சந்தேகிக்க வேண்டும். சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை, போனை எடுத்துப் பார்க்கும்போதுதான் அறிவிப்பு கீழே சாதுவாகக் கிடக்கிறது என்றால், அது வேறு கதை: அந்த அறிவிப்பின் வகையே அமைதி என்று குறிக்கப்பட்டிருக்கும்.

2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலியும் தன் அறிவிப்புகளை வகை பிரித்தே அனுப்ப வேண்டும். அழைப்புக்கு ஒரு வகை, தவறிய அழைப்புக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று என்று. ஒவ்வொரு வகைக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்பதில் கடைசி வார்த்தை போன்காரருடையது. அழைப்பு வகையின் முக்கியத்துவம் மேல்மட்டத்தில் இருந்தால்தான் முழுத்திரை விண்ணப்பமே பரிசீலனைக்குப் போகும். அதைக் கீழே இறக்கிவிட்டால், முழுத்திரை அனுமதி கையில் இருந்தும் பயனில்லை.

யார் இறக்குகிறார்கள்? பெரும்பாலும் நாமேதான், தெரியாமல். அறிவிப்பு ஒன்றை விரலால் சற்று அழுத்திப் பிடித்தால் Default, Silent என்று இரண்டு தேர்வுகள் வரும். தொல்லையாக வந்த ஏதோ ஒன்றை அடக்குவதாக நினைத்து அழைப்பு அறிவிப்பின்மேல் Silent தட்டியிருப்போம். போனை வாங்கி விளையாடிய குழந்தை தட்டியிருக்கலாம். தட்டியது ஒரே நொடி, விளைவு நிரந்தரம். ஏனென்றால், நாம் இறக்கிய முக்கியத்துவத்தைச் செயலியால் திரும்ப உயர்த்த முடியாது. அந்த வகையை அழித்துவிட்டு அதே அடையாளத்தில் மறுபடி உருவாக்கினாலும் ஆண்ட்ராய்டு பழைய அமைப்பையே நினைவில் வைத்திருந்து அதன்மேல் போட்டுவிடும். குறுக்குவழி தேடும் செயலிகளுக்காக வைத்த தடை அது. ஆகவே செயலியைப் புதுப்பித்துப் பார்த்துப் பலனில்லை. செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, App info போய், Notifications திறந்து, அழைப்பு என்று பெயருள்ள வகையைத் தேடிப் பிடித்து, Silent என்பதை Default ஆக்க வேண்டும். அதே பக்கத்தில் Pop on screen என்ற பொத்தான் இருந்தால் அதுவும் திறந்திருக்கட்டும்.

அதே இடத்தில் இன்னொன்றும் கண்ணில் படலாம்: செயலியின் அறிவிப்புகளே மொத்தமாக அணைந்திருக்கும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு அனுப்பவே செயலி உங்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். புதுச் செயலி திறந்ததும் வரும் கேள்விகளை வரிசையாக மறுத்துத் தள்ளும் கை, இதையும் தள்ளிவிட்டிருக்கும். அப்போது ஒன்றுமே வராது. தவறிய அழைப்பு செயலியைத் திறந்தால்தான் தெரியும்.

இதே பிரச்சினை சாதாரண சிம் அழைப்பிலும் வரும், வந்தால் குழப்பம் அதிகம். மணி நன்றாக அடிக்கிறது, திரை மட்டும் இருட்டு. எடுக்க வழி தெரியாமல் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்துகிறோம், மணி நின்றுபோகிறது. சிம் அழைப்பில் மணியடிக்கும் வேலையைப் பொதுவாக ஆண்ட்ராய்டே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது. பெயரையும் பொத்தான்களையும் காட்டும் வேலை மட்டும் போன் செயலியுடையது. அதுவும் மற்றவர்களைப் போலவே அறிவிப்பு வழியாகத்தான் அதைச் செய்கிறது. இரண்டும் தனித்தனி வழி என்பதால் ஒன்று ஓடி மற்றொன்று படுத்துக்கொள்ள முடிகிறது. மருந்து முன்பு சொன்னதேதான்: போன் செயலியின் App info, Notifications, அதில் Incoming calls என்ற வகை. பேசுவதற்கு வேறொரு டயலர் செயலியைப் போட்டிருந்தால், Default apps பக்கத்தில் Phone app என்ற இடத்தில் எது இருக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும்.

இதுவரை சொன்னது கூகுளின் ஆண்ட்ராய்டு. நம்மூரில் விற்கும் போன்களில் பல அதன்மேல் தங்கள் சொந்த மேற்பூச்சைப் பூசியவை. ரெட்மி, போக்கோ போன்களை எடுத்துக்கொண்டால், App info பக்கத்தில் Other permissions என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் இரண்டு வரிகள்: Show on Lock screen, Display pop-up windows while running in the background. முதலாவது, பூட்டிய திரைக்கு மேல் செயலி தன் பக்கத்தைக் காட்டலாமா என்பது. இரண்டாவது, பின்னணியில் இருக்கும் செயலி திடீரென்று முன்னால் வரலாமா என்பது. பெயர்பெற்ற பெரிய செயலிகளுக்கு இவை முன்கூட்டியே திறந்திருக்கும். சின்ன நிறுவனங்களின் செயலிகளுக்கு மூடியே இருக்கும். விவோ போன்களிலும் இதே மாதிரி இரண்டு தனி அனுமதிகள் உண்டு. பெயர் மட்டும் சற்று மாறும்.

இந்த இரண்டும் கூகுளின் கணக்கில் வராதவை. செயலியை எழுதியவர், தனக்கு இந்த அனுமதி இருக்கிறதா இல்லையா என்று ஆண்ட்ராய்டிடம் முறைப்படி கேட்டுத் தெரிந்துகொள்ள வழி கிடையாது. கூகுளின் முழுத்திரை அனுமதிக்கு அப்படிக் கேட்கும் வசதி உண்டு. அதனால்தான் நல்ல செயலிகள் அது இல்லாவிட்டால் உங்களை நேராக அந்தச் செட்டிங்ஸ் பக்கத்துக்கே கொண்டுபோய் விடுகின்றன. தயாரிப்பாளரின் அனுமதிக்கு அது முடியாது. எனவே செயலிக்குள் "எல்லா அனுமதிகளும் சரி" என்று பச்சை டிக் தெரிந்தாலும், இந்த இரண்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு சார்" என்கிறார்களே, பாவம், அவர்கள் பொய் சொல்லவில்லை.

சோதிக்கும்போது இன்னொரு வேறுபாடு தென்படலாம். திரையை அணைத்த உடனே கூப்பிட்டால் முழுத்திரை வருகிறது; இரண்டு மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டுக் கூப்பிட்டால் ஒன்றுமே வருவதில்லை, போனைத் திறந்த பிறகு எல்லாம் மொத்தமாகக் கொட்டுகிறது. இது முழுத்திரை நோய் அல்ல. பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகப் போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கிறது. செயலியின் Battery பகுதியில் Unrestricted என்று வைப்பதும், Autostart இருந்தால் அதைத் திறந்துவிடுவதும் இதற்கான சிகிச்சை. இரண்டு நோயும் ஒரே போனில் சேர்ந்திருப்பதும் உண்டு. ஒன்றைச் சரி செய்தும் தீரவில்லை என்று மனம் தளர்வது அப்போதுதான். இரவுக்கென்று வைத்த Do Not Disturb, காலையில் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அதுவும் முழுத்திரையை அடக்கக் கூடியது.

ஐபோன்காரர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், இணையவழி அழைப்புக்கென்று உள்ள தனி வழியில் வரும் அழைப்பைச் செயலி உடனே கணினியமைப்பின் கையில் ஒப்படைத்தாக வேண்டும். திரையில் காட்டுவதை ஆப்பிளே செய்கிறது. செட்டிங்ஸில் Incoming Calls என்ற இடத்தில் Banner, Full Screen என்று இரண்டு தேர்வுகள் இருப்பது போன் திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும். பூட்டியிருந்தால் முழுத்திரைதான்.

முழுத்திரை வேண்டும் என்று தேடிப்போய் அனுமதி கொடுக்கும் அந்தப் பட்டியலில், கொடுக்கக் கூடாதவையும் இருக்கும். இந்த அனுமதி பெற்ற செயலி, நீங்கள் பூட்டைத் திறக்காமலே உங்கள் திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அப்படி வரும் பக்கம் என்ன வேடம் வேண்டுமானாலும் போடலாம்: உங்கள் பூட்டுத்திரை மாதிரியே ஒரு பக்கம் வந்து பின் எண்ணைக் கேட்டால், தூக்கக் கலக்கத்தில் எத்தனை பேர் யோசிப்பார்கள்? வால்பேப்பர், டார்ச் லைட், விளையாட்டு, கடன் தருவதாகச் சொல்லும் செயலி, இவற்றுக்குப் பூட்டிய திரையில் என்ன வேலை? அழைப்பு, அலாரம், கேட்டில் ஆள் நிற்கும் தகவல், மருந்து வேளை நினைவூட்டல் என்று நீங்களே காரணம் சொல்லக்கூடிய செயலிகள் தவிர மற்றவற்றுக்கு அந்தப் பொத்தான் மூடியே இருக்கட்டும். பழைய போனிலிருந்து மேம்படுத்தி வந்தவர்கள் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. அண்ணன் போனில் தொடர்ந்ததைப் போலவே, 13ஆம் பதிப்பில் இருந்த விளம்பரச் செயலி ஒன்றின் அனுமதியும் அங்கே அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கலாம்.